தீபச் சந்தைக்கு மாடு வரலாம்

நான் தட்டச்சராக வேலை பார்த்த தாலுகா அலுவலகம் திருவண்ணாமலையில், தேரடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. கிராமங்களில் நிர்வாகத்துக்கு முன்சீப்பும் கணக்குக்குக் கர்ணமும் இருந்த காலம். எந்த நிகழ்ச்சியையும் மாதம், திதியோடு நினைவு வைத்துக்கொள்வது என் வழக்கம். அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது: அந்த ஆண்டு தீபம் கார்த்திகைக் கடைசியில் வந்தது. அப்படித் தள்ளி வந்திராவிட்டால் நான் சொல்லப்போகிறது நடந்திருக்கவே வழியில்லை.

தீபத்தையொட்டி மாட்டுச் சந்தை கூடும். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் வயதான ஜோடியை விற்றுவிட்டு இளம் ஜோடி பிடித்துப் போவதற்கு அதைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த ஐப்பசியில் சில கிராமங்களில் கோமாரி கண்டது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து மாடு தீனி தின்னாமல் நிற்கும் நோய். சந்தையில் ஒரு மாட்டுக்கு இருந்தால் நாலு தாலுகாவுக்குப் போய்விடும். தடுப்பூசி போட்ட மாடுகளை மட்டும் சந்தைக்குள் விடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். ஊசி போட்டு மூன்று வாரமாவது ஆகியிருந்தால்தான் அது வேலை செய்யும் என்று கால்நடை மருத்துவர் எழுதியிருந்தார்.

ஹெட் கிளார்க் வரைவு எழுதினார். முப்பது வருஷ சர்வீஸ். அவர் எழுதின உத்தரவு எதுவும் கோர்ட்டில் தோற்றதில்லை என்று பெயர். வாசகம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

‘கோமாரி நோய் பரவும் அபாயத்தை முன்னிட்டு, எதிர்வரும் தீபத் திருவிழாச் சந்தைக்குக் கால்நடைகளைக் கொண்டுவருவது இதனால் தடை செய்யப்படுகிறது; மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்; சந்தை தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்னர் தடுப்பூசி போடப்பட்டு, அதற்கான சான்று உடைய கால்நடைகள் மேற்படி தடையினின்று விலக்களிக்கப்படுகின்றன.’

நான் அதைத் தட்டச்சு செய்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வரைவையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை புதிதாகச் சேர்ந்திருந்த இளநிலை எழுத்தருக்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை படித்தாள். பிறகு உதடு அசைய மறுபடி படித்தாள். ஒப்பிட்டு முடிக்க இவ்வளவு நேரம் எதற்கு என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், இத ஊர்ல யாரு படிப்பாங்க?” என்றாள் ஹெட் கிளார்க்கிடம்.

“முன்சீப் படிப்பாரு. அப்புறம் தண்டோரா.”

“தண்டோரா போடறவரு கையில காகிதம் இருக்குமா?”

“எதுக்கு? முன்சீப் படிச்சுச் சொல்லுவாரு, அந்த ஆளு கேட்டுக்கினு போய்க் கூவுவாரு. இது தெரியாமயா கீழ்பென்னாத்தூர்லருந்து வந்திருக்க?”

“தெரியும் சார். அதான் கேக்கறேன்.”

எங்கள் பியூன் அடி அண்ணாமலைக்காரர். அவருடைய அண்ணன்தான் அந்த ஊருக்குத் தண்டோரா போடுகிறவர். அண்ணனுக்கு உடம்பு முடியாதபோது இவரே தப்பட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எழுத்தர் அவரைக் கூப்பிட்டு, அறிவிப்பை ஒரே தடவை, முன்சீப் படிக்கிற வேகத்தில் படித்துக் காட்டினாள்.

“இப்ப தெருவுல நிக்கிறதா நெனச்சுக் கூவுங்க.”

“இங்கியாம்மா? ஆபீஸ்லயா?”

“சும்மா கூவுங்க.”

பியூன் ஹெட் கிளார்க் முகத்தைப் பார்த்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பியூன் ஜன்னல் பக்கம் போய், இரும்பு அலமாரியில் இரண்டு தட்டு தட்டி, தலையைத் தூக்கினார்.

“இதனால சகலமான பேருக்கும் தெரியப்படுத்தறது இன்னான்னா... கோமாரி வந்திருக்கறதால தீபச் சந்தைக்கு மாடு கொண்டாரக் கூடாது! மீறிக் கொண்டாந்தா கேசு!”

மறுபடி அலமாரியில் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

“ஊசி?” என்றாள் எழுத்தர்.

“ஊசியா? அது எங்க வந்துச்சு?”

நான் சிரித்துவிட்டேன். ஹெட் கிளார்க் சிரிக்கவில்லை. “இவனுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. அதுக்காக உத்தரவ மாத்த முடியுமா?” என்றார்.

“மறதி இல்ல சார். ஒரு கூவலுக்கு ஒரு மூச்சு. மூச்சு முடியறதுக்குள்ள ‘கேசு’ன்னு வந்துடுச்சுன்னா அதோட விஷயம் முடிஞ்சுதுன்னுதான் அவரும் நெனப்பாரு, கேக்கறவங்களும் நெனப்பாங்க. சந்தையே இல்லன்னு ஊசி போடவும் யாரும் வரமாட்டாங்க.”

“இந்தாம்மா, தடை முதல்ல, விலக்கு அப்புறம். அதான் முறை. ‘வரலாம்’னு ஆரம்பிச்சா அத மட்டும் கேட்டுக்கினு ஊசி போடாத மாட்டெல்லாம் ஓட்டினு வந்து நிப்பான். தடை போடாம நான் எத வச்சுத் திருப்பி அனுப்பறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அதை மறுக்கவில்லை. தன் மேசைக்குப் போய், பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதவும் அடிக்கவுமாக இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் எடுத்து மற்றவற்றைக் கையால் மூடிக்கொண்டு படித்தாள்.

“இது என்ன விளையாட்டு?” என்றேன்.

“இது ஒண்ணு மட்டும் ஒருத்தர் காதுல விழுந்தா அவரு தப்பா ஏதாவது செய்வாரான்னு பாக்கறேன் சார். செய்வாருன்னா அந்த வாக்கியம் ஆகாது.”

‘தீபச் சந்தைக்கு மாடு வரலாம்’ என்பதை அந்தச் சோதனையில் அவளே கழித்துவிட்டாள், ஹெட் கிளார்க் சொன்ன அதே காரணத்துக்காக. ‘ஊசி போட்ட மாடு தீபச் சந்தைக்கு வரலாம்’ என்பது தேறியது.

மூன்று வாரம் என்பதிலும் அவள் நின்றாள். சந்தை என்று தொடங்குகிறது, அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் போனால் என்ன நாள் என்று கேட்கிறவர் கணக்குப் போட வேண்டும். தெருவில் நிற்கிறவர் போடமாட்டார். என்னிடம் பஞ்சாங்கம் எப்போதும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாங்கிப் பார்த்தாள். தீபம் தள்ளி வந்ததால் அதற்கு முந்தின பௌர்ணமி, அதாவது கோயிலில் அன்னாபிஷேகம் நடக்கிற ஐப்பசிப் பௌர்ணமி, ஐப்பசிக் கடைசியில், இன்னும் வராமல் இருந்தது; சந்தைக்கு மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் முன்னால் விழுந்தது. அந்தப் பௌர்ணமி எப்போது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ‘அன்னாபிஷேகப் பௌர்ணமிக்குள் ஊசி போட வேண்டும்’ என்று எழுதினாள்.

ஆனாலும் ஹெட் கிளார்க் அசையவில்லை. மறுநாள் காலைத் தபாலில் எல்லா முன்சீப்புகளுக்கும் போகவேண்டும், ஸ்டென்சில் வெட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டார். நான் பழைய வாசகத்தையே நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் அடிக்க ஆரம்பித்தேன்.

பாதி அடித்திருப்பேன். வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே ஒரு சின்ன ஊர்க்காரர், உர மூட்டை வாங்க டவுனுக்கு வந்தவர். நிலக்கடலைப் பயிர் காய்ந்து கெட்டதில் நொந்த முகம். அவருக்கு ஒரு ஜோடி எருதுகள், இரண்டும் வயதானவை. தீபச் சந்தையில் விற்று இளம் ஜோடி பிடித்தால்தான் அடுத்த பட்டத்துக்கு ஏர் பூட்ட முடியும் என்பதை அவரே பிறகு சொன்னார். முதலில் அவர் கேட்டது ஒன்றுதான்.

“சார், இந்த வருஷம் சந்தை இல்லியாமே?”

ஹெட் கிளார்க் நிமிர்ந்தார். “எவன் சொன்னது?”

“இங்க உள்ளயே தண்டோரா போட்டாங்களாமே சார். மாடு கொண்டாந்தா கேசாம். டீக்கடையில அதான் பேச்சு.”

ஜன்னலுக்கு நேர் வெளியே டீக்கடை. பியூன் சத்தம் போடாமல் நகர்ந்து அலமாரிக்குப் பின்னால் போனார்.

வந்தவர் தனியாக வரவில்லை. அவருக்குப் பின்னால், தோளில் துண்டோடு ஒரு மாட்டுத் தரகர் வாசற்படியில் கால் வைத்து நின்றிருந்தார். “நான்தான் சொல்றனே அண்ணே, ஆபீஸ்காரங்கள எதுக்குத் தொந்தரவு பண்றே? சந்தை இல்லன்னா உன் மாட்ட வச்சுக்கினு என்னா பண்ணுவ? தீனிக்கே கட்டாது. வந்த வெலைக்குக் குடுத்துட்டுப் போ” என்றார். மாட்டு வியாபார வழக்கப்படி துண்டுக்குள் விரலைப் பிடித்து அவர் ரகசியமாகச் சொல்லியிருந்த விலை என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் எருதுக்காரர், தரகர் பிடித்திருந்த தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பேசி முடிச்சிட்டியா?” என்று கேட்டார் ஹெட் கிளார்க்.

“இன்னும் இல்ல சார். ஒரு வார்த்த கேட்டுட்டு முடிக்கலாம்னு வந்தேன்.”

ஹெட் கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு கூவல், அதுவும் ஜன்னல் வழியாகப் போனது. நாளைக்கு இதுவே எல்லா ஊரிலும் தப்பட்டையோடு போகப்போகிறது. அவருக்கு அது தெரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

“யோவ், அந்த ஸ்டென்சில எடுய்யா” என்றார் என்னிடம். பிறகு எழுத்தரிடம், “எங்கம்மா, நீ கிழிச்சு வச்சத கொண்டா” என்றார்.

அவரும் சும்மா விடவில்லை. உத்தரவு உத்தரவாகவே இருக்கட்டும், அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். தண்டோராவுக்குப் போகிறது தனி அறிவிப்பு, அடியில் உத்தரவின் எண் இருக்கவேண்டும் என்றார். தடையும் கட்டாயம் வேண்டும் என்றார். அவள் அதை இரண்டாவது வாக்கியமாக ஏற்கெனவே வைத்திருந்தாள். பிறகு எருதுக்காரரை உட்காரச் சொல்லி ஒருமுறை படித்துக் காட்டினாள்:

‘ஊசி போட்ட மாடு தீபச் சந்தைக்கு வரலாம். ஊசி போடாத மாட்டை உள்ளே விடமாட்டார்கள். அன்னாபிஷேகப் பௌர்ணமிக்குள் ஊசி போட வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் இலவசமாகப் போடுவார்கள். அங்கே கொடுக்கும் சீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.’

“இப்ப நீங்க உங்க ஊட்டுல போய் என்னா சொல்லுவீங்க?”

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். ஒன்றும் விடவில்லை. கடைசியில், “ஒரு சீட்ட வச்சு ரெண்டு மாடும் ஓட்டலாமா?” என்று கேட்டார். அது எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. சீட்டில் மாட்டின் நிறம், கொம்பு, சுழி எல்லாம் எழுதுவார்கள். ஒரு மாட்டுச் சீட்டு இன்னொன்றுக்கு ஆகாது. எழுத்தர் கடைசி வாக்கியத்தை அடித்து, ‘ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று மாற்றினாள்.

தரகர் வாசற்படியில் இல்லை. எப்போது போனார் என்று கவனிக்கவில்லை.

மேலதிகாரி கையெழுத்துப் போடும்போது, “ரொம்பச் சின்னதா இருக்கே” என்று மட்டும் சொன்னாராம். நான் புது ஸ்டென்சில் வெட்டினேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்த பியூன்தான் மை உருளையை உருட்டினார். தாள் வர வர ஒவ்வொரு வாக்கியமாக மெல்லக் கூவிப் பார்த்தார், இந்தத் தடவை ஜன்னலைச் சாத்திவிட்டு.

சந்தை கூடின முதல் நாள் காலையில் நான் வேடிக்கை பார்க்கப் போனேன். நுழைவில் கயிறு கட்டி, கால்நடை ஆய்வாளர் சீட்டையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு இல்லாமல் திரும்பினவர்கள் சிலர் இருந்தார்கள். ஏன் என்று அறிய ஆவலாக இருந்தது; ஒருவரைக் கேட்டேன். “நான் செஞ்சிக்கு அந்தாண்டங்க, எங்க ஊருக்கு ஒண்ணும் வரல” என்றார். எங்கள் தபால் அவ்வளவு தூரம் போகவில்லைதான்.

எருதுக்காரர் வரிசையில் இருந்தார். ஆய்வாளர் இரண்டு சீட்டையும் படித்து, வலது மாட்டின் நெற்றிச் சுழியை விரலால் தொட்டுப் பார்த்து, கயிற்றைத் தூக்கினார். மாடுகள் குனியாமலே உள்ளே போயின, அவர்தான் குனிந்தார்.

சாயங்காலம் செஞ்சி சாலையோரம் அவரை மறுபடி பார்த்தேன். கையில் வேறு ஜோடி. இரண்டும் இளசு, ஒன்று லாரி சத்தத்துக்கு மிரண்டு நடக்க மறுத்தது. அவர் அதன் முன்னால் பின்பக்கமாக நடந்து, கழுத்தைச் சொறிந்துகொடுத்து, “வா, வா, இன்னா பயம், ஏர்ல பூட்டினா எல்லாம் சரியாப் போய்டும்” என்று பேசிக்கொண்டே ஊர்ப் பக்கமாக ஓட்டிப் போனார்.