புரட்டாசிச் சனிக்கிழமையில் முருங்கைக்காய்

தெப்ராவ் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக் காய்கறி விற்றுப் பிழைத்தவள் பேச்சியம்மாள். ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், வாயும் கையும் சும்மா இருக்காது. வேன் பழுது கையிருப்பை விழுங்கிவிட்டது. இந்தச் சனிக்கிழமை விற்று வருவதுதான் அடுத்த கொள்முதலுக்கு முதல். விற்காவிட்டால் வேனையும் விற்க வேண்டியதுதான்.

புரட்டாசிச் சனிக்குச் சைவம் சமைக்காத வீடு அங்கே குறைவு. அதனால் வெள்ளிக்கிழமை விடியுமுன் மொத்தச் சந்தையில் அடிதடி. வாரத் தொடக்கத்தில் கிலோ நாலு வெள்ளிக்கு, அதாவது நாலு ரிங்கிட்டுக்கு, கிடந்த முருங்கைக்காய் எட்டுக்கு ஏறியிருந்தது. எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் காளிதாஸ் புதன்கிழமையே வாங்கிக் குளிரூட்டிக்குள் அடுக்கிவிட்டான். வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் என்று எல்லாம் சேர்த்து, எந்த நாளானாலும் ஒன்பது வெள்ளிக்கு விற்பான். பேச்சியம்மாளிடம் குளிரூட்டி ஏது? வாங்கியதை அன்றும் மறுநாளும் விற்றாக வேண்டும். மற்ற நாள் அவனைவிட மலிவாகக் கொடுப்பவள், அன்றைக்குப் பத்துக்குத்தான் கொடுக்க முடியும். கீரை, வாழைக்காய் எல்லாமே அதே கதைதான். சண்டாளச் சந்தை என்று திட்டிக்கொண்டே கூடை கூடையாய் ஏற்றினாள்.

சனிக்கிழமை காலை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் விலையைக் கேட்டு முகம் சுளித்துக் காளிதாஸ் கடைக்குள் நுழைந்தார்கள். கேட்காமலே தாண்டிப் போனவர்கள்தான் அதிகம். மதியப் படையல் முடிந்தபின் முருங்கைக்காய் யாருக்கு வேண்டும்? வெயிலில் கீரை தலை தொங்கிப்போனது.

சாயங்காலம்தான் கூட்டம் வந்தது. முன்னே நின்றவள் நான்காம் மாடி ஷாமளா, பல வருட வாடிக்கை.

“என்னாக்கா, இன்னும் வெலைய எறக்கலையா? நாலு வெள்ளி சொல்லுங்கலா.”

காலையில் ஏன் வரவில்லை என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“படையலுக்கு அவசரம், காளிதாஸ் கடையில வாங்கிட்டேன். உங்ககிட்டதான் சாயங்காலம் எறங்கும்ல. நாளைக்குச் சமைக்க வச்சுக்கலாம்னு வந்தேன்.”

வருடக்கணக்காய், மிஞ்சினால் அழுகிவிடும் என்று, சாயங்காலமானால் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவள் பேச்சியம்மாளேதான். காத்திருந்தால் இறங்கும் என்று மாடி மாடியாய்ப் பழக்கிவிட்டவளும் அவளேதான். ஷாமளாமேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

“எடுத்துக்கம்மா,” என்றாள்.

எட்டுக்கு வாங்கியது நாலுக்குப் போனது. கூடைகள் காலியாயின, எல்லாரும் சந்தோஷமாய்ப் போனார்கள். திங்கட்கிழமை பொந்தியான் ஊர்க்காரர் ஒருவர் வந்து வேனை ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுத்தபோது, இதை வைத்து என்ன வியாபாரம் செய்யப் போகிறார் என்று கேட்டாள். காய்கறிதான் என்றார். குளிரூட்டி வாங்காமல் வியாபாரத்துல இறங்காதீங்க என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.