பெல்ட்டுக்குக் கீழே தொங்கிய நாடா

ஏறாவூரில் ஷாகிராவுக்கு வாய் நீளம் என்று பெயர். பேச ஆள் கிடைத்தால்தானே வாய் நீளும்? கணவர் மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஏழு வருடம். ஒரே மகன் றிஷாட் கட்டாரில். வீட்டில் மிச்சமிருந்தது ஒரு தையல் மெசின். அதனிடம்தான் அவள் காலையில் ஏசினாள், மாலையில் சமாதானம் பேசினாள். வாவிப் பக்கமிருந்து காற்று வந்து கதவைத் தள்ளினால்கூட, "ஆரு?" என்று குரல் கொடுத்துவிட்டு அப்புறம் தன்னையே திட்டிக்கொள்வாள்.

சல்வார்க் கால்சட்டையும் பிஜாமாவும் தைப்பது அவள் வேலை. வெட்டித் தைத்து, இடுப்பு மடிப்புக்குள் நாடாவை ஊக்கில் கோத்து ஓட்டி, வெளியே வந்த இரண்டு நுனியிலும் சின்ன முடிச்சுப் போட்டால் ஒன்று முடிந்தது. அந்த முடிச்சு இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே நுனி மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். உடுத்தப் போகிறவள் தைத்தவளைத்தான் சபிப்பாள்.

தைத்ததெல்லாம் முப்லிஹாவின் கடைக்குப் போகும். கடை என்றால் பலகை போட்ட கடை இல்லை, போனுக்குள் இருக்கும் கடை. முப்லிஹா கெட்டிக்காரி. ஒரு பெண்ணை ஒரே ஒரு நாள் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு விதவிதமாக உடுப்பு மாற்றுகிற வேலையைப் போனே பார்த்தது. புது உடுப்பின் படத்தைக் கொடுத்தால், அது பழைய உடலில் போட்டுக் காட்டிவிடும்.

ஆனால் இடுப்புக்கு வந்தால் அந்தப் போனுக்குப் புத்தி தடுமாறிவிடும். ஒரு முடிச்சிலிருந்து மூன்று நுனி தொங்கும். துளையே இல்லாத துணியிலிருந்து நாடா முளைத்து வரும். இலாஸ்டிக் வைத்த கால்சட்டையில், முந்தி உடுத்திருந்த சல்வாரின் நாடா அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். படத்தில் நாடாவைப் பார்த்து வாங்கியவர்கள், வந்ததில் இலாஸ்டிக்கைக் கண்டு சண்டைக்கு வந்தார்கள். அதிலிருந்து படத்தைப் போடுமுன் முப்லிஹா ஷாகிராவுக்கு அனுப்பிவிடுவாள்.

"இடுப்ப மட்டும் பாருங்க தாத்தா," என்பாள். அந்த ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

"இது பழைய உடுப்புட நாடா கா. போன் மேலால உடுப்பாட்டிட்டு, இத அள்ள மறந்து பெய்த்து," என்பாள் ஷாகிரா. முப்லிஹா அழித்துவிடுவாள். அந்தக் கதையோடு இரண்டு நிமிடப் பேச்சும் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ஷாகிரா சில நாள் இல்லாத குறையையும் கண்டுபிடித்துச் சொன்னாள் என்பதை இங்கே மறைப்பானேன்?

றிஷாட் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வீடியோவில் வருவான். கொஞ்சக் காலமாக அது நின்றுவிட்டது. நெட் சரியில்லையாம். பதிலுக்கு ஒரு படம் வந்தது. நீலச் சேர்ட், கறுப்புக் கால்சட்டை, பளபளக்கும் பெல்ட். சிரித்துக்கொண்டிருந்தான். "வேலைக்குப் போறன் உம்மா" என்று கீழே எழுதியிருந்தான்.

தனியாக இருக்கிறவர்கள் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வைப்பதில்லை. ஷாகிரா மகனுடைய கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கன்னம் வற்றியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பழக்கதோஷத்தில் விரல் இடுப்புக்கு இறங்கியது.

பெல்ட்டுக்குக் கீழே, இடுப்பின் ஓரத்தில், இரண்டு வெள்ளை நாடா தொங்கின. ஒன்று முழுசாக. மற்றது பாதியில் கறுப்புத் துணிக்குள் கரைந்து காணாமல் போயிருந்தது.

பெல்ட் கட்டுகிற கால்சட்டைக்கு நாடா எதற்கு?

இது மேலால் உடுப்பாட்டிய படம். அடியில் அவன் உடுத்திருப்பது நாடா வைத்த பிஜாமா. அதுவும் நுனி முடிச்சுப் போடாத, பல தடவை வெளுத்து நார்நாராகப் போன நாடா. ஒரு ஆளுடைய சொந்த உடுப்பில் இருக்கிற நாடா இல்லை. ஆண்பிள்ளைகள் நாடாவைத் தொப்புளுக்கு நேரேதான் முடிவார்கள். இவன் ஏன் ஓரத்தில் முடிந்திருக்கிறான்?

அவளுக்குத் தெரியும். கணவருக்குக் குடலிறக்கம் வெட்டிய நேரம், ஆஸ்பத்திரித் தாதி பிஜாமா நாடாவைத் தளர்த்தி, காயத்தில் படாமல் ஓரத்தில்தான் முடிந்துவிட்டாள். முடிச்சு ஓரத்துக்குப் போனால் வயிற்றில் தையல் இருக்கிறது.

முப்லிஹாவிடம் ஓடலாமா என்று எழுந்தாள். ஓடிப்போய் என்ன சொல்வது? சொன்னால் அது உண்மையாகிவிடும். திரும்ப உட்கார்ந்தாள். மெசினில் கை வைத்தாள். அழவும் பயமாக இருந்தது அவளுக்கு. அந்த வீட்டில் அழத் தொடங்கினால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

கடைசியில் போனை எடுத்தாள்.

"உம்மா! இப்பதான் வேலையால வந்த," என்றான் றிஷாட். குரலில் உற்சாகத்தை அள்ளிப் போட்டிருந்தான்.

நேரே கேட்டால் மறுப்பான். அவள் பெற்ற பிள்ளை அல்லவா?

"மகன், நாடாவ ஓரத்துல கட்டினது நல்லம். இன்னும் கொஞ்சம் தளத்திக் கட்டு. இறுக்கினா தையல் நோகும்."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போவது கேட்டது.

"ஆரு உம்மா சொன்ன?"

"ஒருத்தரும் செல்லல்ல. உன்ட போட்டோ சொன்ன."

அவன் அழுதுவிட்டான். கட்டடத்துக்குச் சாரம் கட்டி வேலை செய்த இடத்தில் மேலிருந்து விழுந்தானாம். வயிற்றில் கம்பி குத்தி ஒப்பரேசனாம். வலது மணிக்கட்டும் முறிவு. இப்போது பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஏன்டா எனக்கிட்ட மறைச்ச?"

"நீங்க தனிய இரிக்கீங்க உம்மா. கேட்டுட்டு யாருக்கிட்டப் பெய்த்து அழுவீங்க?"

ஷாகிராவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மகன் மீதா, அல்லாஹ்வே அறிவான். தான் தனியாளாக இருப்பதே அவனுக்கு ஒரு காயமாக இருந்திருக்கிறது என்பதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு தையல்காரிக்குத் தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"ஒத்தக் கையால நாடாவ எப்பிடிக் கட்டுற?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு நேப்பாளக்காரன் இரிக்கான். அவன்தான் கட்டிவிடுவான். அவனுக்குக் கால்ல அடி, கை நல்லம்."

யாரோ ஒரு தாயின் பிள்ளை. தன் பிள்ளைக்குச் சின்ன வயதில் தான் செய்ததை அவன் செய்துகொண்டிருக்கிறான். நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. "அவனுக்கு உம்மா சலாம் சொன்ன எண்டு செல்லு," என்றாள்.

"செல்றன். நீங்க அழாதீங்க. இப்ப உங்களுக்குப் பக்கத்துல ஆரு இரிக்காங்க?"

ஷாகிரா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வெட்டி வைத்த துணிகள் இருந்தன. திறந்த கதவு இருந்தது.

"முப்லிஹா இரிக்காள். வந்து கன நேரம்."

"அவட்டக் குடுங்களன், ஒரு வார்த்தை பேசுவம்."

"குசினிக்குள்ள நிக்காள் மகன். தேத்தண்ணி ஊத்துறாள்," என்றாள் ஷாகிரா. குசினிப் பக்கம் திரும்பி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "சீனி குறையப் போடு கா!" என்று கத்தினாள்.

குசினியிலிருந்து ஒரு கோப்பைச் சத்தம்கூட வராதது றிஷாட்டுக்கும் கேட்டிருக்கும்.

"ஓம் உம்மா," என்றான். "நல்லம், ரெண்டு பேருமா இருந்து குடிங்க."