மடிப்பில் போன இலக்கம்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சாமி படத்தை அல்ல, மிளகாய் வத்தல் விலையைத்தான். செக்காலை வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது எங்கள் உழவர் குழுவின் அலுவலகம். தெற்கே உள்ள மொத்தச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டிக் கணக்கர், தூணில் ஒட்டுகிற அன்றைய விலைத்தாளைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புவார். அதைப் பொருள், ரகம், குவிண்டால் விலை என்று மூன்று கட்டமாக வரிசைப்படுத்தி, திருப்பத்தூரிலிருந்து நாட்டரசன்கோட்டை வரை சிதறிக்கிடக்கும் உறுப்பினர்களுக்கு அனுப்புவது என் வேலை.

கேட்க லேசாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. பொருளின் பெயரை முதல் வரியில் மட்டும் எழுதுவார்கள். கீழே உள்ள ரகங்களுக்கு நேரே ‘மேற்படி’ என்பதற்கு இரண்டு சின்னக் கோடு. படத்தைப் படித்துத் தருகிற ஆப் அந்த இரண்டு கோட்டைப் பதினொன்று என்று படித்து வைக்கும், புண்ணியவான். நிலக்கடலைப் பருப்புக்கு விலை எண்பது கிலோ மூட்டைக்கு இருக்கும். தாளில் 8,400 என்றால் நான் குவிண்டாலுக்கு 10,500 என்று மாற்ற வேண்டும். வத்தலுக்கோ நேராகவே குவிண்டால் விலை. விலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு கிடந்தால் அன்றைக்கு அந்தச் சரக்கு விற்கவில்லை என்று அர்த்தம். அங்கே பூஜ்யம் போட்டுவிட்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

போன கோடையில் ஒருநாள் வந்த படத்தில் தாள் நடுவே ஒரு மடிப்பு. மடிப்பின் மேல் ட்யூப்லைட் வெளிச்சம் வெள்ளையாக அடித்திருந்தது. முண்டு வத்தல், அதுதான் குண்டு மிளகாய், முதல் ரகம் 18,000, தெளிவாக இருந்தது. இரண்டாம் ரகத்துக்கு முதலில் 1 தெரிந்தது, கடைசியில் 500 தெரிந்தது. நடுவில் இருந்த இலக்கத்தின் மேல்பாதியைக் காணோம். கீழே ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது.

ஆப் 13,500 என்று அடித்துக் கொடுத்தது. எங்கள் மேலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்.

“நேத்தும் பதிமூணு ஐந்நூறுதானம்மா? மிஷினும் அதத்தான் சொல்லுது. போட்டு அனுப்பு.”

“சார், கீழ்வளைவு மூணுக்கும் இருக்கு, அஞ்சுக்கும் இருக்கு, ஆறுக்கும் இருக்கு. எட்டு, ஒம்பதுன்னா முதல் ரகத்தவிட மேல போயிரும், பூஜ்யம்னா ஒரேயடியா கீழ போயிரும், அதுகள வேணா தள்ளிரலாம். மிச்சம் மூணுல எதப் போட?”

“ஒரு கட்டத்த காலியா விட்டா உறுப்பினருக நம்மள என்ன நெனப்பாக?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “காலியா இருக்குன்னு நெனப்பாக சார். குருட்டாம்போக்குல போட்டா என்ன நெனப்பாகன்னு யோசிங்க.” ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவள் நான், வாயை மட்டும் அளக்கப் பழகவில்லை. மேலாளர், “உன் இஷ்டம்மா” என்று போய் உட்கார்ந்துவிட்டார். அந்த வரியில் ‘படிக்க முடியவில்லை, கேட்டுச் சொல்கிறோம்’ என்று எழுதி மற்றவற்றோடு அனுப்பினேன். மண்டிக் கணக்கரைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ஏலம் நடக்கிற நேரம், எப்படி எடுப்பார்?

அதற்குள் நாட்டரசன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வருடம் அவர்களுக்கு நெல் காய்ந்துபோய்விட்டது. வீடு நம்பியிருந்தது களத்தில் கிடந்த முண்டு வத்தல் ஒன்றைத்தான். அதுவும் நிறம் கொஞ்சம் மங்கின இரண்டாம் ரகம்.

“ஏந் தாயி, எல்லாத்துக்கும் வெல போட்டுருக்கீக, என் சரக்குக்கு மட்டும் தெரியலைங்கிறீக? இங்குட்டு ஏவாரி வண்டியோட நிக்காரு. குவிண்டாலுக்குப் பதினாலாயிரம்ங்கிறாரு. மேக்க வேற கருத்துக்கிட்டு வருது. கொடுக்கவா, வேணாமா?”

சந்தையில் பதிமூன்றரை என்றால் பதினாலாயிரம் கொள்ளை லாபம். பதினைந்தரை என்றால் வண்டி வாடகையும் கமிஷனும் போகக் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பதினாறரை என்றால் கொடுக்கவே கூடாது. மழை விழுந்து வத்தல் நனைந்துவிட்டாலோ எந்த விலையும் இல்லை. ஒரு வளைவுக்குள் ஒரு குடும்பத்தின் வருடம் கிடந்தது.

“அக்கா, எனக்குத் தெரியலக்கா. சத்தியமாத் தெரியல. சந்தையில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“சரி தாயி. தார்ப்பாய எடுத்து மூடிப்புட்டு நிக்கேன். ஏவாரிக்கு டீத்தண்ணி போட்டா அது குடிக்கிற மட்டும் நிப்பாரு. நீ கேளு.”

என்ன தைரியத்தில் சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மறுபடி மறுபடி கணக்கரை அழைத்தேன். எடுக்கவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பி, மடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, ‘அண்ணே, இந்த ஒரு வரி. களத்துல சரக்கு கிடக்கு, மழை வருது’ என்று எழுதினேன். என் படபடப்பைப் பார்த்த மேலாளர், தம் போனிலிருந்தும் ஒருமுறை அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை என்றதும் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அந்த டீ அப்படியே ஆறிப்போனது.

டிங் என்றது. ஒரு படம். தாளில் அந்த ஒரு பகுதி மட்டும், கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில். மடிப்பை ஒரு பெருவிரல் அழுத்திப் பிடித்து நீவி விட்டிருந்தது. விரலுக்குப் பக்கத்தில், கண்ணாடிபோல: 16,500.

உடனே குரல் பதிவு ஒன்றும் வந்தது. பின்னால் ஏலக் கூச்சல், மூச்சு இரைப்பு. “இப்பத்தாம்மா பாத்தேன், ஏலத்துல நின்னேன். தூணுல லைட்டு வெளிச்சம் அடிக்குதுன்னு தாளப் பிச்சு வெளிய கொண்டாந்து எடுத்தேன். திரும்ப ஒட்டிப்புடுறேன். நேத்தவிட இன்னைக்கு வெல ஏறிருச்சும்மா.”

அக்காவிடம் சொன்னபோது மறுமுனையில் தார்ப்பாயில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. “மகராசி, போன வை, மூட்ட பிடிக்கணும்” என்று வைத்துவிட்டார்கள். ஏவாரி வெறும் வண்டியோடு திரும்பினார், சரக்கு நனையவில்லை. மறுநாள் சந்தைக்குப் போனது, அன்றைக்கும் விலை இறங்கவில்லை. மேலாளரை ஜெயித்துவிட்ட சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தக் கணக்கரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஏலத்தை விட்டுவிட்டு, முகம் தெரியாத இரண்டு பொம்பளைகளுக்காக வெளிச்சத்துக்கு ஓடி வர வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. நன்றி என்று நான் அனுப்பியதற்கு ஒரு கும்பிடு பொம்மை மட்டும் வந்தது. அதன்பிறகு வருகிற ஒவ்வொரு படத்திலும் தாள் நீவிவிட்டிருக்கும், ஓரத்தில் விரல் இருக்கும்.

சில வாரம் கழித்து அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்தார்கள். “யாரு தாயி அன்னைக்குப் பாத்துச் சொன்னது? காட்டு, ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்றார்கள். என்னிடம் இருந்தது விரல் மட்டும்தான். அதைக் காட்டினேன். அவர்கள் சிரிக்கவில்லை. சாமி படத்தைத் தொடுவதுபோலத் திரையில் அந்த விரலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்ட வேகத்தில் படம் பெரிதாகிவிட்டது. விலை எல்லாம் திரைக்கு வெளியே போய், வத்தல் சிவப்பு ஏறிய நகம் மட்டும் நின்றது.

“நம்ம சரக்க அள்ளுற கைதான்” என்றார்கள் அக்கா.