கஸ்தூரி அக்காவின் நோட்டில் மூன்றாவது கட்டம்

ப்ளஸ் டூ முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வேலைக்கு மனுப் போடச் சான்றிதழ்களை டைப் அடிக்க வேண்டியிருந்தது. கரையான்சாவடி மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், "தமிழ் – ஆங்கிலம் மொழிபெயர்ப்பு, டைப்பிங்" என்று போர்டு போட்டிருந்தது. 1996, ஜூன் மாதம். கஸ்தூரி அக்காவை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

மெஷினில் பேப்பரைச் சொருகிக்கொண்டே, "அப்பா பேரு?" என்று கேட்டார்.

"எத்திராஜ்."

"என்ன வேலை?"

"திருவேற்காடு–பூந்தமல்லி வேன் ஓட்டறாரு. முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஆபரேட்டர்."

அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வர்றியாம்மா? இன்னிக்கு எனக்குக் கை ஓடாது" என்றார்.

மறுநாள் போனேன். அன்று அவர் சொன்னதையும், அப்புறம் அப்பாவிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கஸ்தூரி அக்காவின் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் அவர்கள் லைனில் இருந்தவர்கள் எல்லாருமே தெற்கத்திக்காரர்கள். அக்கா பி.ஏ. இங்கிலீஷ் படித்து, இரண்டு டைப்பிங் பரீட்சையும் பாஸ் செய்து, 1985இல் என் அப்பா வேலை பார்த்த அதே அம்பத்தூர் கம்பெனியின் பர்சனல் ஆபீஸில் சேர்ந்தார். முதலாளி பம்பாயில். தொழிலாளர்கள் தமிழில் எழுதிக் கொடுக்கிற எதையும் இங்கிலீஷில் மாற்றி பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அதுதான் வேலை.

சேர்ந்த முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. அய்யாசாமி என்கிற பெயிண்டர் தன்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று பயந்து, "ஐயா, என் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிவிட்டார். பம்பாயிலிருந்து பதில் வந்தது. இந்தத் தொழிலாளியை வயிற்றில் அடித்தவர் யார், டாக்டரிடம் காட்டினீர்களா, போலீசில் சொன்னீர்களா என்று மூன்று கேள்வி.

ஆபீஸே சிரித்தது. பர்சனல் மேனேஜர் ராஜசேகரன், "ஏம்மா, நீ மனுஷியா, டிக்‌ஷனரியா?" என்று கேட்டாராம். அய்யாசாமிகூட வந்து பார்த்துவிட்டு, "எனக்கு வயித்து வலின்னு லீவாவது வாங்கிக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா ஒரு நீள நோட்டு வாங்கினார். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டு கட்டமாகப் பிரித்தார். இடப்பக்கம் தமிழில் சொல்வது, வலப்பக்கம் அதையே இங்கிலீஷ்காரன் சொன்னால் எப்படிச் சொல்வான் என்பது. வயிற்றில் அடிப்பதற்கு எதிரே, பிழைப்பைப் பறிப்பது என்று பொருள்படும் இங்கிலீஷ். காதில் பூ சுற்றுவதற்கு எதிரே, கண்ணை மறைக்கக் கம்பளியை இழுத்துவிடுவது. "பாரு, நமக்குக் காது, அவங்களுக்குக் கண்ணு. ஆனா ஏமாத்துறது ஒண்ணுதானே" என்று எனக்குக் காட்டினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று ஒருவர் எழுதினால், அக்கா 'ஸ்கிரிம்பிங் அண்ட் சேவிங்', அதாவது செலவைச் சுருக்கிச் சுருக்கிச் சேர்ப்பது, என்று போடுவார். கட்டுவதும் வயிறும் போய்விடும், அந்தக் கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

இரண்டு வருஷத்தில் நோட்டு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. பம்பாயிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அக்கா பேப்பரைப் பார்த்த உடனே அடிக்க ஆரம்பிப்பார். அந்த வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

1987, செப்டம்பர். அப்பா ஓட்டிய, இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் மாட்டிய அச்சு சரியில்லை. அன்றைக்கு அடித்த தகடெல்லாம் வீண். அச்சைப் பொருத்தியது ஃபோர்மன் கோதண்டம். ஆனால் அவர் எல்லார் எதிரிலும் அப்பாவைத் திட்டினார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மாட்டுன அச்சுக்கு நா இன்னா அண்ணாத்தே பண்ணுவேன்? இரு, உன்ன ஒரு கை பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

கோதண்டம் அதைத் தமிழில் அப்படியே எழுதி ஆபீஸில் கொடுத்தார். ஒரு மெமோ கொடுத்து எச்சரித்தால் போதும் என்பதுதான் அவர் எண்ணம். அவரே பின்னால் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

பேப்பர் அக்காவின் மேஜைக்கு வந்தது. நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. 'உன்ன ஒரு கை பாக்குறேன்' என்பதற்கு 'ஐ வில் ஃபினிஷ் யூ ஆஃப்' என்று அடித்தார். உன் கதையை முடித்துவிடுவேன் என்று அர்த்தம்.

"ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க லைன்ல ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொன்னாரு. மறுநாள் இன்னொருத்தர் தலையில ஆறு தையல். அப்ப எனக்குப் பத்து வயசு. அந்தச் சூடுதான் என் மனசுல இருந்தது. உங்க அப்பா பேசுற தமிழ்ல அது எவ்வளவு சூடுன்னு நான் யார்கிட்டயும் கேக்கல. இங்கிலீஷ் நல்லா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்."

பம்பாயில் அதைப் படித்தவர்கள் விட்டுவிடவில்லை. மேலதிகாரியைக் கொல்வதாக மிரட்டியது என்று குற்றச்சாட்டு. சஸ்பென்ஷன். விசாரணை.

குற்றச்சாட்டின் தமிழ் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஆபீஸுக்குப் போனார். "இன்னாம்மா இது? நா எப்ப கொல்றேன்னு சொன்னேன்? கோதண்டம் அண்ணாத்தேயோட பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறினவன் நானு. நாங்க டெய்லி ஒருத்தர ஒருத்தர் ஒரு கை பாத்துகினுதான் கீறோம்!"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எங்கே தவறு என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. மேனேஜரிடம் போய், "சார், நான் போட்ட இங்கிலீஷ் ரொம்பச் சூடா விழுந்துடுச்சு. திருத்தி ஒரு லெட்டர் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

ராஜசேகரன் கதவைச் சாத்தினார். "ரெண்டு வருஷமா நீ அனுப்பினது எல்லாம் சரியான்னு பம்பாய்ல கேப்பான். உன் வேலையும் போகும், என் மானமும் போகும். விசாரணையில அவனே சொல்லித் தப்பிச்சுக்குவான். போய் உக்காரு."

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல அக்காவையே உட்கார வைத்தார்கள். அந்த வார்த்தையைச் சொன்னாயா என்று அப்பாவைக் கேட்டார்கள். "சொன்னேன் சார். ஆனா அது சும்மா கோவத்துல சொல்றது சார்" என்றார் அப்பா. வக்கீல் திரும்பி, இங்கிலீஷில் இருப்பது சரியான மொழிபெயர்ப்புதானா என்று அக்காவைக் கேட்டார்.

அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். ராஜசேகரனும் பார்த்தார்.

"கரெக்ட் சார்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். நவம்பரில் அப்பாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். யூனியன்காரர்கள் கேஸ் போட்டார்கள். வாய்தா மேல் வாய்தா. பிறகு யூனியன் இரண்டாக உடைந்தது, வக்கீல் மாறினார். நான்காவது வருஷம் அப்பா ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேன் ஓட்டப் போனார். அம்மா பொன்னியம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டப் போனாள். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவும் அந்தக் கம்பெனியில் நிலைக்கவில்லை. விசாரணைக்குப் பிறகு எந்தப் பேப்பரை எடுத்தாலும் பயம் வந்துவிட்டதாம். ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். 1989இல் வேலையை விட்டுவிட்டு இங்கே மாடியில் மெஷின் போட்டுக்கொண்டார்.

அந்த நோட்டை என்னிடம் காட்டினார். பின்பாதியில் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில், யார், யாரிடம், எந்த ஊர், எவ்வளவு கோபம் என்று எழுதியிருந்தது. "இது தெரியாம முதல் ரெண்டையும் எழுதவே கூடாது" என்றார். எதிரே கீரை விற்கிற பூங்காவனம் அம்மாவிடம் கேட்டது, லாரிக்காரர்களிடம் கேட்டது எல்லாம் அதில் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் தேதி போட்டிருந்தது, 1987 செப்டம்பர். அப்பா சொன்ன அந்த வார்த்தைக்கு எதிரே இங்கிலீஷை அடித்து அடித்து மாற்றி எழுதியிருந்தார்.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா. இதை அப்பாகிட்ட சொல்லுங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

அக்கா உட்காரவில்லை. இரண்டு பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அந்த வார்த்தையை இந்த ஊர்ப் பக்கத்தில் யார் யார், எப்போது, எப்படிச் சொல்வார்கள், தான் போட்டது தவறு, விசாரணையில் தான் சொன்னது பொய் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சரியா சொல்லணும்னா 'யூ வெயிட், ஐ வில் ஷோ யூ'ன்னு போட்டிருக்கணும்ங்க. இரு, உனக்குக் காட்டுறேன்னு ஒரு வீறாப்பு. அதைப் படிச்சிட்டு யாரும் கொலைன்னு நினைக்க மாட்டாங்க."

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "இத யாராண்ட குடுக்குறது, மேடம்? கம்பெனியே மூடி ரெண்டு வருஷம் ஆச்சே."



அம்மா வாசற்படியிலிருந்து, "ஒம்போது வருஷம் கழிச்சி நல்லா எழுதிகினு வந்துகீற. அன்னிக்கு ரெண்டு வார்த்தை மாத்திச் சொல்றதுக்கு வாய் இல்லியா உனக்கு?" என்றாள்.

"இருந்தது. பயமும் இருந்தது" என்றார் அக்கா.

"விடு பொன்னி" என்று அப்பா சட்டையை மாட்டினார். தாளை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "மணி ஏழாவப் போவுது. வாம்மா, நானே கரையான்சாவடியில வுட்டுர்றேன்."

நானும் ஏறிக்கொண்டேன். அக்கா முன் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பூந்தமல்லி திருப்பத்தில் இன்னொரு வேன் குறுக்கே புகுந்து, எங்களுக்காகக் கைகாட்டி நின்ற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது. அதே ரூட்டில் ஓட்டுகிற கஜபதி அண்ணனின் வண்டி.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "டேய் கஜா! இரு மாமே, உன்ன ஒரு கை பாக்குறேன்!"

"பாரு பாரு, நாளைக்குக் காலீல டீக்கடையாண்ட வந்து பாரு!" என்று கஜபதி அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கியரை மாற்றி ரோட்டைப் பார்த்தார்.

அக்கா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்பா இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.