கோலத்தின் மேல் விழுந்த தொப்பை

என் வீட்டுக்காரர் நல்ல போட்டோகிராபர்தான். பிரேம் வைக்கத் தெரியும், லைட் பார்க்கத் தெரியும், கல்யாண வீட்டில் கோபமாக இருக்கிற மாமனாரைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் சூரியன் எங்கே நிற்கிறது என்று மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். காலையிலோ சாயங்காலமோ வெளியே போய் எடுத்தால், படத்தின் முன்பக்கத்தில் அவரே நீளமாக வந்து படுத்திருப்பார். கேமராவைக் கண்ணில் வைத்து இரண்டு முழங்கையையும் விரித்து நிற்பாரா, அந்த நிழல் இரண்டு பக்கமும் காது வைத்த அண்டா மாதிரியே இருக்கும். அதை அழிப்பது என் வேலை. கட்டின புருஷனை அழித்துச் சம்பாதிக்கிற பொம்பளை இந்த மண்ணரை ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவது கல்யாணம் இல்லை, பனியன். கம்பெனிக்காரர்கள் சாம்பிள் டீ-ஷர்ட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். அவர் படம் எடுப்பார், நான் சுருக்கத்தையும் தொங்குகிற நூலையும் கம்ப்யூட்டரில் எடுத்துக் கேட்லாக் ஆக்கித் தருவேன். அதிலும் ஊத்துக்குளி ரோட்டுக் கம்பெனி ஒன்றுதான் வருஷம் முழுக்க விடாமல் வேலை கொடுப்பது. அந்தக் கம்பெனி கைவிட்டால் நாங்கள் தெற்கே எங்கள் ஊருக்கே பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் அந்த ஓனரம்மா தும்மினால்கூட நாங்கள் கைக்குட்டையோடு நிற்போம்.

அவர்கள் புதுக் கட்டடம் கட்டிப் பால் காய்ச்சிய அன்று எங்களைத்தான் கூப்பிட்டார்கள். கிழக்குப் பார்த்த கட்டடம். வாசலில் ஓனரம்மாவே உட்கார்ந்து பெரிய சிக்குக் கோலம் போட்டார். கம்பெனியில் அத்தனை பெண்கள் வேலை செய்தும் ஒருத்தியையும் கிட்டே விடவில்லை. புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஒரே கம்பியாகப் போய், கடைசியில் தொடங்கின இடத்திலேயே வந்து சேருகிற கோலம் அது. அவருடைய அண்ணன் மனைவி, ‘நங்கை’ என்று அவர் கூப்பிடுகிறவர், பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சும்மா பார்ப்பது ஒன்று, தப்பு தேடிப் பார்ப்பது ஒன்று. அவர் பார்த்தது இரண்டாவது.

கோலம் முடிகிற நேரத்தில் மாட்டுக்காரர் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐயர் அவசரப்படுத்தினார். ஓனரம்மா மீதியை இழுத்து முடித்துவிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வாசலுக்கு நேரே நின்றார். சூரியன் அப்போதுதான் தென்னைக்கு மேலே வந்திருந்தது, சரியாக அவர் முதுகுக்குப் பின்னால்.

“ஏங்க, நிழல் கோலத்துல விழுது. தள்ளி நில்லுங்க” என்றேன்.

“தள்ளுனா கம்பெனி போர்டு கோணிக்கும். நீ பேசாம இரி” என்றார்.

அமுக்கினார். அடுத்த நிமிஷம் பசு கோலத்தின் மேல் ஏறி, நடுவில் நின்று, பக்தியோடு சாணியும் போட்டுவிட்டு உள்ளே போனது. கோலம் முழுசாக இருந்த படம் அது ஒன்றுதான்.

ஓனரம்மாவுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. ரிசப்ஷன் சுவரில் பெரிதாக மாட்ட வேண்டும் என்றார். “ஆனா கண்ணு, அந்த நெழல் வேண்டாம். புதுசாக் கட்டுன எடத்துல, அதுவும் கோலத்து மேல, ஆம்பளை நெழல் உழுகக் கூடாதுங்க” என்று போனில் சொன்னார். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஓனரம்மா சொன்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் நான் ஒரு கேட்லாக்கில் மூழ்கிக் கிடந்தேன். “இதுக்கு நீ எதுக்கு? ஏஐ இருக்கு, ஒரே அமுக்கு” என்று இவரே உட்கார்ந்தார். நிழலைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார், அமுக்கினார், நிழல் போயிற்று. பெருமை தாங்கவில்லை, எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். நான் சரியாகப் பார்க்காமலே சாம்பிள் பிரின்ட் போட்டு அனுப்பிவிட்டோம்.

மறுநாள் ஓனரம்மா நேரிலேயே வந்துவிட்டார். பிரின்டை என் மேஜை மேல் விரித்தார்.

“இதென்னங்க இது? கம்பி இங்க வந்து முட்டி நிக்குதே!”

அவர் விரல் நேராக ஒரே இடத்தில் போய் இறங்கியது. நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். ஆமாம், கம்பி அங்கே அறுந்துதான் கிடந்தது. அதைவிடக் கண்றாவியாகப் பக்கத்தில் ஒரு கம்பி இரண்டாகப் பிளந்திருந்தது, ஒரு புள்ளி குட்டி போட்டிருந்தது. அதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவே இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

“முட்டி நிக்கற கோலத்தை வாசல்ல மாட்டுனா தொழில் முட்டி நிக்காதுங்களா? எங்கூட்டுக்காரரு வேற ஸ்டூடியோ பாக்கலாமான்னு கேக்கறாரு. நாந்தான், அந்தப் புள்ள கைல ஒருக்கா குடுத்துப் பாக்கலாமுன்னேன்” என்றார். குரல் கற்கண்டு. ‘ங்க’ போட்டே கழுத்தில் கத்தி வைக்க இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் போனதும் நான் இவரைப் பார்த்த பார்வையில் இவர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

மானிட்டரைப் பனியன் கட்டிங் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டுப் பழைய படத்தைத் திறந்தேன். நிழல் என்பது ஓட்டை இல்லை. அதற்கு அடியில் எல்லாம் இருக்கும், கொஞ்சம் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான். ஏஐ அதைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. நான் எதையும் பிய்க்கவில்லை. அந்த அண்டா நிழலை மட்டும் செலக்ட் பண்ணினேன். கால் பக்கம் நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், தலைப்பக்கம் போகப் போகக் கலங்கிப் போகும். அதனால் செலக்‌ஷனின் ஓரத்தையும் காலில் கெட்டியாகவும் தலையில் மங்கலாகவும் வைத்துக்கொண்டு, மெதுவாக வெளிச்சத்தை ஏற்றினேன்.

கோலம் எழுந்து வந்தது. ஆனால் நீலம் பாரித்து வந்தது. நிழலுக்குள் வெயில் படாது, வானத்து வெளிச்சம் மட்டும்தான் படும், அதனால் வருகிற நீலம் அது. கொஞ்சம் மஞ்சள் ஏற்றிச் சாணி தெளித்த தரையின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் பார்த்தால் தரை வழவழவென்று கிடந்தது. காலை வெயிலில் ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் ஒரு குட்டி நிழல் இருக்கும். இவர் நிழலுக்குள் கிடந்த கற்களுக்கு அது இல்லை. பக்கத்தில் வெயில் பட்ட தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கம்பிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் மட்டும் பதித்தேன். நிழலின் ஓரத்தில் மிச்சமிருந்த வரப்பையும் அப்படியே மூடினேன். இவருடைய தொப்பை ஓரத்துக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. இட்லியைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாரா மனுஷன்.

எல்லாம் முடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் கம்பி அறுந்தே இருந்தது.

தொடாத ஒரிஜினலைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அறுந்திருந்தது. ஏஐ மற்ற பாவமெல்லாம் செய்திருக்கலாம், இந்தப் பாவத்தைச் செய்யவில்லை. மாடு வந்த அவசரத்தில் ஓனரம்மாவே ஒரு வளைவை விட்டுவிட்டு எழுந்திருக்கிறார். இவருடைய தொப்பை சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது.

இவர் திரும்பி வந்து பார்த்ததும் குதித்தார். “அப்படிப் போடு! அனுப்பு அந்த ஒரிஜினலை. கோலம் போடத் தெரியாம நம்மள வந்து ஏசுதாவளா?”

“அனுப்பிட்டு? பஸ் ஏறிருவோமா?” என்றேன்.

“அப்ப தப்பு நம்மோடதுன்னு ஒத்துக்கணுமா?”

எனக்கும் எரிச்சல்தான். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கி, அதைத் திருத்தியும் கொடுப்பது என்றால் யாருக்கு எரியாது? ஆனால் அந்த விரல் நேராக அந்த இடத்தில் போய் இறங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிளந்த கம்பியைத் தாண்டி, குட்டி போட்ட புள்ளியைத் தாண்டி, தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரி போயிற்று. அடிப்பாவி மகளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நிழலை எடுக்கச் சொன்னதும் சாஸ்திரத்துக்காக இல்லை. நாங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கோலத்தில் கைவைக்க அந்தம்மாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

கோலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். வெயிலும் நேர் முதுகிலிருந்து அடித்ததால் இடமும் வலமும் ஒரே மாதிரிதான் வெளிச்சம். வலப்பக்கத்து வளைவை எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, இடப்பக்கத்தில் பொருத்தினேன். கம்பி சேர்ந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பெரிய பிரின்ட் போட்டு அனுப்பினேன். “நல்லா இருக்குதுங்க” என்று ஒரு வார்த்தை வந்தது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிசப்ஷனில் படம் ஜம்மென்று தொங்கியது. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து எல்லோரும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது, அந்த நங்கை படத்துக்கு முன்னால் போய் நின்றார். விரலை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார். ஓனரம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார். பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நானும்தான்.

விரல் சுற்றிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தது, தாண்டிப் போயிற்று. நங்கை திரும்ப வந்து இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க, அன்னைக்கு இங்க ஒரு வளைவு விட்டுப்போயிருந்துச்சே. நா என்ற கண்ணுல பாத்தனே?”

“அப்பிடீங்களா நங்கை?” என்றார் ஓனரம்மா. “போட்டோவுல அப்பிடியே இருக்குது பாருங்க. போட்டோ பொய் சொல்லுமுங்களா?”

நங்கை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஓனரம்மா என் கையில் பழமும் பூவும் வைத்துக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். வாசலில் காத்திருந்த இவரைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தைப்பொங்கலுக்கு எங்கூட்டு வாசல்ல இதைவிடப் பெரிய கோலம் போடறேன் கண்ணு. உங்கூட்டுக்காரரையே வரச் சொல்லு. இதே மாதிரி நடுவுல வந்து நெழல் உழுகற மாதிரி நிக்கச் சொல்லு.”

வண்டியில் வரும்போது, அந்தம்மா என்ன சொன்னார்கள் என்று இவர் கேட்டார். அப்படியே சொன்னேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“பாத்தியா? என் ஸ்டைலு அவங்களுக்காவது தெரியுது” என்றார்.