ஆறு இலங்கைக் காசும் ஆச்சி போட்ட ரேட்டும்

சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் மிட்டாய்க் கடை. கல்லாவில் என் ஆச்சி. கடன் கேட்க வருகிறவர்கள் எதிர்த்த கடைக்கே போய்விடுவார்கள், அவ்வளவு தாராள மனசு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், டிரங்குப் பெட்டியோடு ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து வருகிறாராம். இளையரசனேந்தலில் அவருடைய அக்கா சாகக் கிடந்தாள். வழியில் எல்லாம் செலவாகி, மிச்சம் ஆறு இலங்கை ரூபாய்க் காசு. பேங்கில் வாங்க மாட்டோம் என்றுவிட்டார்களாம்.

"ரூபாய்க்கு ரூபாய் தாங்கம்மா. பஸ்ஸுக்கு வேணும். அக்காவுக்கு உங்க லட்டுன்னா உயிரு."

"அதெல்லாம் அந்தக் காலம் தம்பி. உங்க ஊர்ல ரூபாய் மதிப்பைக் குறைச்சு ரொம்ப நாளாச்சு."

எனக்குப் புரியவில்லை. "அதுவும் ரூபாய்தானே ஆச்சி?"

ஆச்சிக்குப் பாடம் எடுக்க ஆசை வந்துவிட்டது. பஸ் நின்றால் என்ன, போனால் என்ன!

"ஏட்டி, எதிர்த்த கடையில விக்கதும் லட்டுதான். நம்ம லட்டைக் கொடுத்து அதை ஒண்ணு வாங்குவியா?"

"மாட்டேன். அது பாதிதான் இருக்கும். ரெண்டு தரணும்."

"அம்புட்டுதான். இலங்கைக் காசு ரெண்டு கொடுத்தா நம்ம காசு ஒண்ணு. நாளைக்கு அவன் உருண்டையை இன்னும் சிறுசாக்குனா மூணு கேப்போம்." பிறகு அவரிடம் திரும்பி, வாய் கூசாமல், "மூணுக்கு ஒண்ணு தாரேன் தம்பி" என்றாள்.

ரெண்டு ரூபாய். டிக்கெட்டுக்குச் சரியாகப் போய்விடும். அவர் லட்டுத் தட்டைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னு இப்பதானே சொன்ன?"

"கொழும்புக்குப் போறவன் எவனாவது வந்து வாங்குத வரைக்கும் இது டப்பாவுல கிடக்கணும்லா? அதுக்குக் கூலி வேண்டாமா?"

கடையில் நின்ற நாலு பேரும் ஆச்சியையே பார்த்தார்கள். மூன்று ரூபாய் கல்லாவிலிருந்து ஏதோ பல்லைப் பிடுங்குவதுபோல் வெளியே வந்தது. ஒரு ரூபாய்க்கு லட்டு வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். அன்று முழுக்க எனக்குத் திட்டு.

சில வாரம் கழித்து அவரே வந்தார். மொட்டைத் தலை.

"ஊருக்குத் திரும்புறேன். கப்பல் இறங்குனதும் கைச்செலவுக்கு அந்தக் காசு வேணும்மா." நாலு ரூபாயை எடுத்து வைத்தார். "உங்க கூலியும் இருக்கு."

"அக்காவைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். லட்டுல ஒரு விள்ளல் வாயில வச்சா. மறுநாள் காலையில போயிட்டா."

ஆச்சி டப்பாவைத் திறந்து ஆறு காசையும் எடுத்துக் கொடுத்தாள். நாலு ரூபாயில் ஒன்றை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"ஆச்சி, கூலி..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தாள். அதற்கு என்னிடம் காசும் கேட்கவில்லை.