காவேரிப்பட்டினத்து முகவரி

மார்ச் மூன்றாம் தேதி ஷார்ஜாவிலிருந்து கணவன் வெங்கட் போன் செய்தபோது மாதேஸ்வரிக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. ஓசூர் சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு சோதனை செய்கிற வேலை அவளுக்கு. பிரசவ விடுப்பு எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"விசா ஏப்ரல் பன்னெண்டோட முடியுது. புதுப்பிக்கணும்னா பாஸ்போர்ட்டு இன்னும் ஆறு மாசமாச்சும் செல்லணுமாம். நம்மது ஆகஸ்ட்டுல முடியுது."

"அப்ப ஆகஸ்ட்டு வரைக்கும் இருக்குதில்ல?"

"ஏப்ரல்லேர்ந்து எண்ணிப் பாரு. நாலு மாசந்தான் வருது. மொதல்ல பாஸ்போர்ட்ட மாத்திட்டு வான்னு கம்பெனி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

அவள் விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் நாலுதான்.

பாஸ்போர்ட் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பம் போடலாம். போன செப்டம்பரிலேயே அவனோடு அறையில் இருந்த ஒருவர் போட்டு வாங்கியிருக்கிறார். கூடவே போய் வாசலில் காத்திருந்து டீ குடித்துவிட்டு வந்தவன் வெங்கட். தன்னுடையது முடிகிற தேதியை அன்றைக்குப் புரட்டிப் பார்க்கவில்லை. இதைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் கிளம்பியது. ஆனாலும் சண்டை போடுகிற நேரமில்லை. பிரசவத் தேதி ஏப்ரல் இருபத்து நாலு. பதினெட்டாம் தேதி வந்து இறங்குவதாக அவன் சொல்லியிருந்தான்.

ஆன்லைனில் படிவம் நிரப்பி நேரம் வாங்கிப் போனான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டிருக்கிறதென்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி வேறு எடுத்து, அடுத்த முறை போய்ப் பழைய பாஸ்போர்ட், விசா நகல், அந்த ஊர் அடையாள அட்டை எல்லாம் காட்டி, மார்ச் பதினொன்றில் விண்ணப்பம் உள்ளே போனது.

"இந்தியா முகவரி என்னா போட்டீங்க?" என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதை நினைத்துப் பின்னால் பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் தேதி நிலவரம் பார்த்தபோது விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காவல்துறை விசாரணையில், கொடுத்த முகவரியில் ஆள் குடியில்லை என்று அறிக்கை போயிருந்தது.

"எந்த முகவரிங்க?"

அவன் மெதுவாகச் சொன்னான். "பழைய பாஸ்போர்ட்டுல இருந்ததுதான். காவேரிப்பட்டினம் வூடு. மாத்துனா பேப்பர் ஜாஸ்தி கேப்பாங்க, லேட்டாவும்னு..."

"அந்த வூட்ட காலி பண்ணி அஞ்சு வருசம் ஆவுது!"

"பழசையே போட்டா சுளுவா முடியும்னு நெனச்சேன் மாது."

மறுநாளே அவள் பஸ் ஏறினாள். கிருஷ்ணகிரியில் மாறி, காவேரிப்பட்டினத்தில் இறங்கியபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. அவர்கள் இருந்த வீட்டில் இப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிற குடும்பம் ஒன்று இருந்தது. "போலீஸ்காரர் வந்தாரு, வெங்கட் யாருன்னு கேட்டாரு, எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னோம்" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஸ்டேஷனில் எழுத்தர் அவளைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் வாஸ்தவம்தாம்மா. ஆனா அந்த முகவரியில இல்லாத ஆள இருக்காருன்னு நாங்க எழுத முடியாது. அறிக்கையும் போயிடுச்சு. இப்ப இருக்குற ஓசூர் முகவரிய அவரு அங்க திருத்திக் குடுக்கட்டும். விசாரணை ஓசூருக்கு வரும்."

அவர் கத்தியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருக்கலாம். நியாயமாகப் பேசுகிற ஆளிடம் என்ன செய்வது? தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வில்லங்கம் முகவரிச் சான்று. அவளுடைய ஆதாரில் ஓசூர் முகவரி இருந்தது. அவனுடையதில் இன்னும் காவேரிப்பட்டினம்தான். ஆன்லைனில் மாற்றலாமென்று பார்த்தால், ஓடிபி அவனுடைய பழைய இந்திய நம்பருக்குப் போகும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த நம்பர் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நம்பரை மாற்ற வேண்டுமென்றால் ஆள் நேரில் வர வேண்டும். வாடகை வீடு, கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில். கேஸ் இணைப்பு அவள் பேரில்.

பீரோவைக் கவிழ்த்துத் தேடியதில், ஓசூர் வந்த புதிதில் இருவர் பேரிலும் தொடங்கிய வங்கிக் கணக்கின் புத்தகம் கிடைத்தது. அரசு வங்கி. வெங்கட்டின் போட்டோ ஒட்டி, முத்திரை போட்டு, இதே வீட்டு முகவரி எழுதியிருந்தது. ஆனால் இரண்டு வருஷமாக வரவு செலவு பதியவில்லை. நடப்பில் இருக்கிற கணக்கென்று தெரிய வேண்டுமே. வங்கிக்குப் போனால் பதிவு செய்கிற இயந்திரம் ரிப்பேர். மறுநாளும் ரிப்பேர். மூன்றாம் நாள் பதிந்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாள். அதோடு விளக்கக் கடிதமும் வைத்து ஏப்ரல் ஏழாம் தேதி வெங்கட் கொடுத்தான்.

பன்னிரண்டாம் தேதி விசா முடிந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு, அதுவும் தாண்டினால் தினப்படி அபராதம் என்றான்.

"நான் இந்தப் பழைய பாஸ்போர்ட்டுலயே வந்துடட்டா?"

"வந்தா திரும்பிப் போவ முடியுமா?"

"விசா போயிடும். புதுசா எடுப்பாங்களான்னு கேட்டேன். உறுதி சொல்ல மாட்டேன்னாங்க. அங்க வந்து வேற விண்ணப்பம் போடவும் முடியாது, இது முடியாம."

நீ முடிவு செய் என்று அவன் சொல்லாமல் சொன்னது அவளுக்குக் கேட்டது. அதுதான் எல்லாவற்றையும் விட ஆத்திரமாக இருந்தது.

"வராதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு சமையலறையில் நின்று அழுதாள்.

இருபதாம் தேதி ஓசூர் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் நாராயணம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து, "அவுனு சாரு, அஞ்சு வருசமா இங்கதான் குடி இருக்காங்க, ஆளு நல்ல ஆளு, ஆனா கொஞ்சம் மறதி" என்றார். மறதியை எழுத வேண்டாமென்று மாதேஸ்வரி கேட்டுக்கொண்டாள். போலீஸ்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி மதியம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது நாராயணம்மாதான். பாஸ்போர்ட் அவன் கைக்குக் கிடைத்தது இருபத்தொன்பதாம் தேதி. அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, விசா, அடையாள அட்டை என்று மே மாதம் முழுக்கப் போனது. பிரசவத்துக்கென்று கொடுத்திருந்த ஒரு மாத விடுப்பைக் கம்பெனி வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

ஜூன் ஆறாம் தேதி வெங்கட் வந்தபோது குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள். அவன் தூக்கியதும் வீறிட்டு அழுதாள். திருப்பிக் கொடுக்கப் பார்த்தான்.

"வச்சிருங்க. அழுதா அழட்டும்," என்றாள் மாதேஸ்வரி. "மொத்தமே பன்னெண்டு நாளுதான் இருக்கீங்க. அதுல நாளைக்கு ஒரு நாள் ஆதாருக்குப் போவுது. நேரம் வாங்கி வச்சிருக்கேன், பத்தரை மணிக்கு."